அரசு அலுவலகத்தின் முன்மொழிவுக் கோரிக்கைக்குப் பதில் எழுதுவது எப்படி: ஒரு கள ஆய்வுப் பணியை முன்வைத்து முழுமையான வழிகாட்டி

அரசுத் துறைகளும், அவற்றின் கீழ் இயங்கும் சங்கங்களும், பெரிய தொண்டு நிறுவனங்களும் ஆய்வு, மதிப்பீடு, பயிற்சி போன்ற பணிகளை வெளியாரிடம் ஒப்படைக்கும்போது முன்மொழிவுக் கோரிக்கை ஒன்றை வெளியிடுகின்றன. புழக்கத்தில் இதை ஆர்.எஃப்.பி. என்கிறோம். சாதாரண டெண்டரில் விலைதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஆர்.எஃப்.பி.யிலோ வேலையை எப்படிச் செய்வோம் என்று நாம் எழுதிக் கொடுக்கும் பக்கங்களுக்கே மதிப்பெண் உண்டு. அந்தப் பக்கங்களை ஒரு குழு, கையில் மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு வாசிக்கிறது. இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாப் படிகளும் அந்த வாசிப்பை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

பேச்சு பொதுவாகப் போய்விடக் கூடாது என்பதற்காக ஒரு மாதிரிப் பணியை எடுத்துக்கொள்வோம். ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது. அதன்கீழ் தரப்பட்ட வீட்டுக் குடிநீர்க் குழாய் இணைப்புகள் உண்மையில் செயல்படுகின்றனவா என்று மூன்று மாவட்டங்களில் ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும் என ஓர் அரசு அலுவலகம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலம் ஆறு மாதங்கள். தொழில்நுட்ப முன்மொழிவுக்கு 70 விழுக்காடும் விலைக்கு 30 விழுக்காடும் எடை. தொழில்நுட்பத்தில் 70 மதிப்பெண்ணுக்குக் குறைந்தால் விலை உறை திறக்கப்படாது. அலுவலகமும் எண்களும் எடுத்துக்காட்டுக்கானவை. பிரிவுகளும் நடைமுறையும் உண்மையில் புழங்குபவை.

முதல் படி: ஆவணத்தைப் பின்பக்கத்திலிருந்து வாசியுங்கள்

ஆர்.எஃப்.பி. பெரும்பாலும் ஏலதாரர்களுக்கான அறிவுரைகள், அந்தப் பணிக்கே உரிய விவரங்களைத் தரும் விவரத்தாள், தொழில்நுட்பப் படிவங்கள், விலைப் படிவங்கள், பணி வரையறை, ஒப்பந்த மாதிரி என்ற வரிசையில் அமைந்திருக்கும். உலக வங்கியின் ஆலோசகர் தேர்வு ஆவணத்தில் உள்ள டெக்-1 முதல் டெக்-6 வரையிலான படிவங்களும் ஃபின்-1 முதல் ஃபின்-4 வரையிலான படிவங்களும் இந்திய அரசு அலுவலகங்கள் பலவற்றிலும் சிறு மாற்றங்களுடன் பயன்படுத்தப்படுவதால், அவற்றை ஒருமுறை நன்றாகப் புரிந்துகொண்டால் பெரும்பாலான ஆர்.எஃப்.பி.க்களுக்குள் வழி தெரிந்துவிடும்.

முன்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குபவர்கள் பொது அறிவுரைகளிலேயே களைத்துப் போகிறார்கள். முதலில் மதிப்பெண் பகுதியையும், அடுத்து பணி வரையறையையும், அதன்பின் விவரத்தாளையும் வாசிப்பதே நல்லது. பொது அறிவுரைக்கும் விவரத்தாளுக்கும் முரண் இருந்தால் விவரத்தாளே செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் மாதிரிப் பணியில் 100 மதிப்பெண் இப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது: நிறுவன அனுபவம் 15, அணுகுமுறையும் வேலைத் திட்டமும் 35, முக்கிய வல்லுநர்கள் 40, நேர்முக விளக்கம் 10. இதைப் பார்த்ததுமே உழைப்பை எங்கே செலவிட வேண்டும் என்பது தெரிகிறது. நிறுவனத்தின் பெருமைகளை முப்பது பக்கம் எழுதினாலும் 15 மதிப்பெண்ணுக்கு மேல் கிடைக்காது.

அடுத்து ஓர் இணக்கப் பட்டியல் தயாரியுங்கள். ஆர்.எஃப்.பி.யில் ‘வேண்டும்’, ‘இணைக்கப்பட வேண்டும்’, ‘தவறினால் நிராகரிக்கப்படும்’ என்று வரும் ஒவ்வொரு வரியையும் எடுத்து, அதன் பக்க எண், விதி எண், அதற்கு நம் பதில் எந்தப் பக்கத்தில் உள்ளது, அதற்குப் பொறுப்பானவர் யார் என்று நான்கு கட்டங்களில் எழுதுங்கள். பொறுப்பாளர் கட்டத்தை நீக்கிவிட்டு இதே பட்டியலை முன்மொழிவின் தொடக்கத்திலும் இணைக்கலாம். மதிப்பிடும் அலுவலர் தேடாமலே ஒவ்வொன்றையும் கண்டுகொள்வார்.

இரண்டாம் படி: போட்டியிடுவதா என்று அன்றே முடிவு செய்யுங்கள்

தகுதி நிபந்தனைகளுக்கு மதிப்பெண் கிடையாது. ஆம் அல்லது இல்லை என்ற தீர்ப்பு மட்டுமே உண்டு. மூன்று ஆண்டுச் சராசரி ஆண்டு வரவு, இதேபோன்ற பணிகளின் எண்ணிக்கை, பதிவுச் சான்று, தடைப்பட்டியலில் இல்லை என்ற உறுதிமொழி ஆகியவற்றுள் ஒன்று குறைந்தாலும் எஞ்சிய உழைப்பு வீண். ‘நிறைவு செய்த பணி’ என்று கேட்டிருக்கும் இடத்தில் நடந்துகொண்டிருக்கும் பணியின் ஆணையை இணைப்பது அடிக்கடி நிகழும் பிழை. பணி ஆணையுடன் நிறைவுச் சான்றும் சேர்ந்தால்தான் அது கணக்கில் வரும்.

இ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகையிலும் கவனம் தேவை. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள் சிறு, குறு நிறுவனங்களுக்கு இதில் விலக்கு தருகின்றன. ஆயினும் நீங்கள் கையில் வைத்திருக்கும் ஆர்.எஃப்.பி. அந்த விலக்கை ஏற்கிறதா, எந்தச் சான்றைக் கேட்கிறது என்று பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும்.

காலமும் குறைவு. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகள், 2000-இன்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டர்களுக்குக் குறைந்தபட்சம் 15 நாட்களும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாட்களும் அவகாசம் தரப்பட வேண்டும். பதினைந்து நாட்களில் வல்லுநர்களின் கையொப்பம், தணிக்கையாளர் சான்று, முத்திரைத்தாளில் அதிகாரப் பத்திரம் ஆகிய மூன்றும் பிறர் கையில் இருப்பவை என்பதால், எழுதத் தொடங்கும் முன்பே இவற்றுக்கு ஆள் அனுப்பிவிடுங்கள்.

மூன்றாம் படி: பிரீ-பிட் கேள்விகள்

ஏலத்துக்கு முந்தைய கூட்டத்துக்குள் கேள்விகளைப் பக்க எண், விதி எண், கேள்வி என்ற வடிவில் அனுப்ப வேண்டும். பதில்கள் எல்லாப் போட்டியாளர்களுக்கும் பொதுவாக வெளியிடப்படும். ஆகவே உங்கள் ஆய்வு முறையின் நுட்பத்தைக் கேள்வியிலேயே காட்டிவிடாதீர்கள். நம் பணியில் கேட்கத் தக்க கேள்விகள் இரண்டு: ‘கிராமத்துக்கு இரண்டு நீர் மாதிரிகளின் ஆய்வகச் செலவை அலுவலகம் ஏற்குமா, நாங்கள் ஏற்க வேண்டுமா?’ என்பதும், ‘விலை ஒப்பீடு ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா?’ என்பதும். இரண்டும் விலையை நேரடியாக மாற்றுபவை.

பதில்களும் திருத்த அறிவிப்புகளும் வெளியான நாள் முதல் ஆர்.எஃப்.பி.யின் பகுதியாகிவிடுகின்றன. படிவமே மாறியிருக்கக்கூடும் என்பதால் கடைசி நாள் வரை tntenders.gov.in போன்ற தளத்தை நாள்தோறும் பார்த்துவருவது ஒருவரின் வேலையாக இருக்கட்டும்.

நான்காம் படி: தொழில்நுட்பப் படிவங்கள்

டெக்-1 என்பது சமர்ப்பிப்புக் கடிதம். வாசகத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் நிரப்பி, அதிகாரம் பெற்றவர் கையொப்பமிட்டால் போதும். டெக்-2 நிறுவனத்தின் அமைப்பும் அனுபவமும். இருபது பணிகளைப் பட்டியலிடுவதைவிட, கேட்ட பணிக்கு நெருக்கமான நான்கைந்தை எடுத்து, அதில் உங்கள் நிறுவனம் நேரடியாகச் செய்த பங்கு என்ன என்று எழுதுங்கள். கூட்டாகச் செய்த பணியின் முழுத் தொகையையும் உங்களுடையதாகக் காட்டினால் சான்றுகளைச் சரிபார்க்கும்போது அது வெளிப்பட்டுவிடும்.

டெக்-3 பணி வரையறை மீதான கருத்துகளுக்கானது. பலர் இங்கே ‘கருத்து இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். இது என்னை மிகவும் வருத்தும் பழக்கம். பணியைப் புரிந்துகொண்டவர் யார் என்று குழுவுக்கு முதலில் தெரிய வரும் இடம் இதுதான். நம் பணியையே பாருங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு குழாய் இணைப்பு செயல்படுகிறது என்று கொள்ள, ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 55 லிட்டர், உரிய தரத்தில், முறையாகத் தொடர்ந்து கிடைக்க வேண்டும். ஆனால் பணி வரையறை வீட்டுக்கு ஒரு முறை சென்று அளக்கச் சொல்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் ஊரில், வராத நாளன்று அளப்பவர் சுழியம் என்று எழுதுவார். வரும் நாளன்று மட்டும் அளப்பவர் இரண்டு நாள் நீரை ஒரு நாளுக்குரியதாகக் கணக்கிடுவார். இரண்டுமே பிழை. ‘விநியோக நாளில் குழாயடியில் ஓட்டத்தை அளந்து, கடந்த ஏழு நாட்களின் விநியோக நேரத்தை வீட்டாரிடம் கேட்டு, மேல்நிலைத் தொட்டி இயக்குநரின் பதிவேட்டோடு ஒப்பிட்டு, வாரச் சராசரியாகத் தருவோம்’ என்று டெக்-3இல் ஒரு பத்தி எழுதினால் அதன் பயன் டெக்-4இன் மதிப்பெண்ணிலும் தெரியும்.

ஓர் எல்லை உண்டு. கருத்து நிபந்தனையாக மாறக் கூடாது. ‘இதை மாற்றினால் மட்டுமே பணியை ஏற்போம்’ என்ற தொனி வந்தால் அது நிபந்தனையுடன் கூடிய முன்மொழிவு எனக் கருதப்பட்டு நிராகரிக்கப்படலாம். ‘எழுதியுள்ளபடியே செய்வோம், கூடுதல் செலவின்றி இதையும் சேர்ப்போம்’ என்ற வடிவமே பாதுகாப்பானது.

ஐந்தாம் படி: அணுகுமுறையும் வேலைத் திட்டமும்

டெக்-4 முன்மொழிவின் இதயப் பகுதி. இங்கே தோற்பவர்கள் பெரும்பாலும் பணி வரையறையையே வேறு சொற்களில் திருப்பி எழுதியவர்கள். ‘முறையான மாதிரித் தேர்வின் மூலம் தரமான தரவுகள் சேகரிக்கப்படும்’ என்ற வாக்கியத்துக்கு மதிப்பெண் போட ஒன்றுமில்லை. எத்தனை வீடுகள், ஏன் அத்தனை, யார், எத்தனை நாளில் என்பதுதான் கேள்வி.

மாதிரி அளவைக் கணக்கோடு காட்டுங்கள். 95 விழுக்காடு நம்பக அளவும் 5 விழுக்காடு பிழை வரம்பும் கொண்டால்:

```
n = 1.96² × 0.5 × 0.5 / 0.05² ≈ 384
384 × 1.5 = 576
576 / 0.9 = 640
640 × 3 = 1920
```

முதல் வரி எளிய தற்போக்கு மாதிரிக்கானது. ஆனால் நாம் வீடுகளைக் கிராமம் கிராமமாகத் திரட்டுகிறோம். ஒரே தொட்டியிலிருந்து நீர் பெறும் வீடுகள் ஒன்றைப் போலவே இருக்கும் என்பதால் வடிவமைப்பு விளைவாக 1.5 எடுத்துப் பெருக்குகிறோம். பத்தில் ஒரு வீட்டில் பதில் கிடைக்காமல் போகலாம் என்று கொண்டு 0.9ஆல் வகுக்கிறோம். மாவட்டத்துக்கு 640 வீடுகள் ஆகின்றன. மூன்று மாவட்டங்களுக்கு 1920. கிராமத்துக்கு 20 வீடுகள் என்றால் மாவட்டத்துக்கு 32 கிராமங்கள், மொத்தம் 96. இந்த 1.5 ஓர் எடுகோள் என்பதையும், முன்னோட்டக் கள ஆய்வுக்குப் பின் அதைச் சரிபார்ப்போம் என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். எடுகோளை வெளிப்படையாகச் சொல்பவரைக் குழுவிலுள்ள புள்ளியியலாளர் நம்புவார்.

அடுத்து இதை ஆட்களாக மாற்ற வேண்டும். ஓட்ட அளவீட்டோடு சேர்த்து ஒரு களப் பணியாளர் நாளொன்றுக்கு ஐந்து வீடுகள் முடிப்பார் என்று கொண்டால், நால்வர் கொண்ட ஒரு குழு ஒரு நாளில் ஒரு கிராமத்தை முடிக்கும். நான்கு குழுக்கள் 24 களநாட்களில் 96 கிராமங்களையும் முடிக்கும். களப் பணியாளர் நாட்கள் 384. குழுவுக்கு ஒரு மேற்பார்வையாளர் என்றால் 96 நாட்கள். கிராமத்துக்கு இரண்டு என்று நீர் மாதிரிகள் 192. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். இனி வரும் எல்லாப் படிவங்களிலும் இவையே திரும்ப வர வேண்டும்.

தரக் கட்டுப்பாடும் இதே நுணுக்கத்தோடு எழுதப்பட வேண்டும். மேற்பார்வையாளர் எத்தனை வீடுகளுக்கு மறுபடி செல்வார், இரு அளவீடுகள் எவ்வளவு வேறுபட்டால் கிராமத்தையே மீண்டும் அளப்பீர்கள், எஞ்சிய குளோரின் குறைந்தபட்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்ற ஐ.எஸ். 10500 தர அளவுக்குக் கீழே இருந்தால் அதை அலுவலகத்துக்கு எப்போது தெரிவிப்பீர்கள் என்று சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னது மக்களின் உடல்நலம் சார்ந்தது. ஆறாம் மாத அறிக்கை வரை அதைத் தேக்கிவைக்கக் கூடாது.

டெக்-5 வேலை அட்டவணை. தொடக்க அறிக்கை, கருவிகளின் வரைவு, முன்னோட்டம், களப்பணி, வரைவறிக்கை, இறுதி அறிக்கை என்று ஒவ்வொன்றையும் வாரக் கணக்கில் இடும்போது, வரைவின் மீது அலுவலகம் கருத்துச் சொல்வதற்கான நாட்களையும் சேர்க்க மறந்துவிடாதீர்கள். பணம் பெரும்பாலும் இந்த அறிக்கைகள் ஏற்கப்பட்ட பிறகே வருகிறது.

ஆறாம் படி: வல்லுநர்கள்

டெக்-6இல் முக்கிய வல்லுநர்களின் தன்விவரங்கள் வருகின்றன. நம் பணியில் இதற்கு 40 மதிப்பெண்: குழுத் தலைவர் 16, குடிநீர்ப் பொறியாளர் 10, புள்ளியியலாளர் 8, சமூக ஆய்வாளர் 6. குழு பொதுவாகப் பார்ப்பது கல்வியும் பொது அனுபவமும், இதே வகைப் பணிக்கான பொருத்தம், அந்த வட்டாரத்தின் அறிவும் மொழியும். இவற்றுள் பொருத்தத்துக்கே எடை அதிகம் இருக்கும். ஆகையால் முப்பது ஆண்டு அனுபவமுள்ள பெரியவர் ஒருவரின் பெயரைவிட, இதேபோன்ற இரண்டு குடிநீர் ஆய்வுகளை நடத்திய பன்னிரண்டு ஆண்டு அனுபவக்காரரின் தன்விவரம் கூடுதல் மதிப்பெண் பெறக்கூடும்.

ஒவ்வொரு தன்விவரத்தையும் இந்த ஆர்.எஃப்.பி.க்காகவே மறுபடி எழுத வேண்டும். மாதமும் ஆண்டும் தெளிவாக இருக்கட்டும். இடைவெளிகளும், ஒரே காலத்தில் இரண்டு முழுநேரப் பணிகளும் மதிப்பிடுபவர் கண்ணில் முதலில் படும். வல்லுநரே கையொப்பமிட வேண்டும் என்றிருந்தால், அவர் சம்மதம் பெற்று, வேறு நிறுவனத்தின் முன்மொழிவிலும் அவர் பெயர் இல்லை என்று நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏழாம் படி: விலை

விலை பற்றிய ஓர் எண்கூடத் தொழில்நுட்ப உறைக்குள் போகக் கூடாது. வேலைத் திட்ட அட்டவணையின் ஓரத்தில் தங்கிவிட்ட ஒரு செலவுக் கட்டம், விரிதாளிலிருந்து நகலெடுத்த ஒரு கூட்டுத்தொகை ஆகியவைகூட முன்மொழிவு முழுவதையும் நிராகரிக்கப் போதுமானவை.

ஃபின்-3 ஊதியத்தின் விவரம், ஃபின்-4 பிற செலவுகள், ஃபின்-2 இரண்டின் தொகுப்பு, ஃபின்-1 கடிதம். கீழிருந்து மேலே நிரப்புங்கள். 384 களப் பணியாளர் நாட்கள், 96 மேற்பார்வை நாட்கள், 192 நீர் மாதிரிகள் ஆகியவை இங்கே அதே எண்களாக வந்திருக்கின்றனவா என்று எழுதாத ஒருவர் சரிபார்க்கட்டும். தொழில்நுட்ப முன்மொழிவில் சொல்லிவிட்டு விலையில் விட்டுப்போன இனத்தின் செலவு மற்ற இனங்களின் விலைக்குள் அடங்கியதாகவே கொள்ளப்படும். பிறகு கேட்க முடியாது. எண்ணாலும் எழுத்தாலும் எழுதிய தொகைகள் வேறுபட்டால் பொதுவாக எழுத்தால் எழுதியதே செல்லும்.

விலையை எவ்வளவு இறக்குவது என்ற கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிடும் முறையில், பொது நிதி விதிகள் தொழில்நுட்பத்துக்கு 80 விழுக்காட்டுக்கு மேல் எடை தர அனுமதிப்பதில்லை. நம் பணியில் எடை 70:30.

```
Sf = 100 × Fm / F
S  = St × 0.70 + Sf × 0.30
```

இங்கே St தொழில்நுட்ப மதிப்பெண், Sf விலை மதிப்பெண், S மொத்த மதிப்பெண், F ஏலதாரரின் விலை, Fm ஆகக் குறைந்த விலை. நம் மதிப்பெண் 86, விலை 42 லட்சம்; போட்டியாளர் மதிப்பெண் 78, விலை 35 லட்சம் என்று கொள்வோம். நம் விலை மதிப்பெண் 83.33, மொத்தம் 60.2 + 25 = 85.2. அவருக்கு 54.6 + 30 = 84.6. ஏழு லட்சம் கூடுதலாகக் கேட்டும் பணி நமக்கு வருகிறது. ஆனால் நம் விலை 44 லட்சமாக இருந்திருந்தால் மொத்தம் ஏறத்தாழ 84.06, தோற்றிருப்போம். விலையை 42 லட்சத்திலேயே வைத்து, கையொப்பமில்லாத ஒரு தன்விவரத்தால் இரண்டு தொழில்நுட்ப மதிப்பெண் இழந்திருந்தாலும் மொத்தம் 83.8, அப்போதும் தோல்விதான். தன்விவரங்களுக்கு அவ்வளவு நேரம் செலவிடச் சொன்னதன் காரணம் இதுவே.

எட்டாம் படி: பதிவேற்றம்

மின் டெண்டர் தளத்தில் மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அதன் காலாவதி நாளையும், அதிகாரப் பத்திரத்தில் உள்ளவர் பெயரே அதில் இருக்கிறதா என்பதையும் முதல் வாரத்திலேயே பாருங்கள். பி.ஓ.க்யூ. எனப்படும் விலைப் பட்டியலின் எக்செல் கோப்பைத் தளத்திலிருந்து இறக்கி, நிரப்ப அனுமதித்த கட்டங்களை மட்டும் நிரப்பி, கோப்பின் பெயரையும் அமைப்பையும் மாற்றாமல் ஏற்ற வேண்டும். மாற்றிய கோப்பு நிராகரிப்புக்குக் காரணமாகும்.

கோப்புகள் ஏறிவிட்டதாலேயே சமர்ப்பிப்பு முடிந்துவிடாது. தேசியத் தகவல் மையத்தின் மின் கொள்முதல் தளங்களில் இறுதியாக `Freeze Bid Submission` என்பதை அழுத்தி, ஒப்புகைச் சீட்டை இறக்கி வைத்த பிறகே வேலை நிறைவுற்றது. கணக்கில் வருவது சேவையகத்தின் நேரம். உங்கள் கைக்கடிகாரம் அங்கே செல்லாது. கடைசி மணி நேரத்தில் எல்லாரும் ஏற்றுவார்கள் என்பதால் முதல் நாளே முடித்துவிடுவது நல்லது. திருத்தம் வேண்டுமானால் கெடு முடியும் முன் மறுபடி சமர்ப்பிக்கலாம்.

ஒன்பதாம் படி: உறை திறந்த பிறகு

மதிப்பீட்டுக் குழு விளக்கம் கேட்டால், கேட்டதற்கு மட்டும், குறித்த நாளுக்குள் எழுத்தில் பதிலளியுங்கள். புதிய ஆவணங்களைச் சேர்க்க இது வழியன்று. நேர்முக விளக்கத்தில் நிறுவனத் தலைவரைவிடக் குழுத் தலைவராகக் குறிக்கப்பட்டவரே பேச வேண்டும். 1.5 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவரோ புள்ளியியலாளரோ தடுமாறாமல் சொல்ல வேண்டும்.

முதலிடம் பெற்றால் பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வரும். அங்கே முதலில் கேட்கப்படுவது முக்கிய வல்லுநர்கள் எல்லாரும் இருக்கிறார்களா என்பதுதான். உலக வங்கி நடைமுறையில் மரணம், நோய் போன்ற தவிர்க்க முடியாத காரணம் இல்லாமல் ஒருவரை மாற்ற முயன்றால் தகுதியிழக்க நேரலாம். டெக்-4இல் எழுதியவை அப்போது ஒப்பந்தத்தின் பணி விவரப் பின்னிணைப்பாக மாறுகின்றன. கையொப்பமிடும் முன் அந்தப் பின்னிணைப்பை இணக்கப் பட்டியலோடும் ஃபின்-4ஓடும் வரிவரியாக ஒப்பிட்டு, பேச்சுவார்த்தையில் சேர்க்கப்பட்ட கூடுதல் கிராமங்களோ அறிக்கைகளோ உண்டென்றால் அவற்றுக்குரிய நாட்களும் தொகையும் எழுத்தில் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.